வசைச்சொல்லைப் பாடநூல் சொல்லித் தராது: வேறு எங்கே கற்பது?

ஸ்பானிய மொழிப் பாடநூல்களில் சீக்கிரமே வந்துவிடும் ஒரு வினைச்சொல் கொஹேர். எடு, பிடி என்று பொருள். பேருந்தைப் பிடிப்பது, தொலைபேசியை எடுப்பது, சளி பிடிப்பது என எல்லாவற்றுக்கும் ஸ்பெயினில் இந்த ஒரே சொல் போதும். ஸ்பெயினில் அச்சான நூலை வைத்துப் படித்த ஒருவர் அர்ஜென்டினாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய், 'நான் பேருந்தைப் பிடிக்க வேண்டும்' என்று அதே வினையைப் போட்டுச் சொன்னால், கேட்பவர் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார். அங்கே அந்தச் சொல்லுக்கு உடலுறவு என்ற பொருள்தான் முதலில் மனதில் வரும், அதுவும் கொச்சையாக. பேருந்துக்கு அவர்கள் தோமார் என்ற வேறு வினையைச் சொல்வார்கள்.

அந்தப் பாடநூலில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதை ஒழுங்காகப் படித்தவர் வாயிலிருந்துதான் கெட்ட வார்த்தை வந்தது. ஆக, வசைச்சொற்களைக் கண்ணில் காட்டாமல் வளர்ப்பதால் மாணவர் பத்திரமாக இருக்கிறார் என்று சொல்ல முடியாது. சரி, பாடநூல் சொல்லித் தராது. அப்போது எங்கே கற்பது? அகராதி, பேர் தெரியாதவர்கள் எழுதும் கொச்சைச்சொல் தளங்கள், திரைப்படம், தெரிந்த ஆள் என்று நாலு வழிகள் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பலர் யோசிப்பதே இல்லை. இந்த ஐந்தையும் கொஹேர் என்ற இந்த ஒரே சொல்லையும் ஆங்கிலச் சொல் ஒன்றையும் வைத்து உரசிப் பார்க்கலாம்.

அதற்கு முன் பாடநூலின் பக்க நியாயத்தையும் கேட்டுவிட வேண்டும். நாணம் மட்டும் காரணமில்லை. உலகம் முழுக்க விற்கிற ஆங்கிலப் பாடநூல்களைத் தயாரிப்பவர்களிடையே 'பார்ஸ்னிப்' என்று ஒரு சுருக்கச்சொல் புழங்குகிறது. அரசியல், மது, மதம், பாலுறவு, போதைப்பொருள், இனவாதம் மாதிரியான 'வாதங்கள்', பன்றியிறைச்சி ஆகிய ஏழின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தது அது. ஒரே நூல் பல நாட்டுப் பள்ளிகளுக்குப் போகிறது. எங்கேயோ ஒரு குழு ஒரு பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தால் அந்த நாட்டின் விற்பனையே போய்விடும். பன்றியிறைச்சிக்கே இடமில்லாத நூலில் வசைக்கு எங்கே இடம் கிடைக்கும்?

இரண்டாவது காரணம் வகுப்பறை நடக்கும் விதத்தில் இருக்கிறது. பாடநூல் ஒரு சொல்லை அறிமுகம் செய்யும், பயிற்சி கொடுக்கும், பிறகு மாணவரை வாய்விட்டுச் சொல்ல வைக்கும். ஆனால் வசைச்சொல்லைக் கற்பவருக்குத் தேவை காதில் விழுந்தால் புரிவதுதான், வாயில் வருவது அல்ல. புரிந்துகொள்ள மட்டும், சொல்ல அல்ல என்ற பயிற்சி பாடநூலின் அச்சுக்குள் பொருந்துவதில்லை. பயணிகளுக்கான சொற்றொடர்க் கையேட்டின் கதை இன்னும் எளிது: அதிலுள்ள ஒவ்வொரு வரியும் அப்படியே படித்துக் காட்டுவதற்காக அச்சிட்டது. அதில் ஒரு வசையைப் போட்டால் யாராவது படித்துக் காட்டிவிடுவார்.

எல்லாச் சொல்லையும் பதிவு செய்வதே வேலை என்று புறப்பட்ட அகராதிகளே தயங்கியிருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் முதல் பதிப்பு 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் அந்த எஃப் எழுத்து வசை அதில் இல்லை. 1972இல் வெளியான இணைப்புத் தொகுதியில்தான் அதற்கு இடம் கிடைத்தது.

நம் இலக்கணமும் இதை யோசித்திருக்கிறது. அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல் என்கிறது தொல்காப்பியம். நன்னூல் அதை இடக்கரடக்கல் என்கிறது. 'கால் கழுவி வந்தேன்' என்ற எடுத்துக்காட்டு பள்ளியில் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். அது நமக்குப் புரிவதற்குக் காரணம், எதை மறைக்கிறார்கள் என்று ஏற்கனவே தெரிந்திருப்பதுதான். தமிழை வெளியிலிருந்து கற்க வருபவருக்கு அது வெறும் கால் கழுவலாகத்தான் கேட்கும். வேற்று மொழிகளில் நாமும் அந்த நிலையில்தான் இருக்கிறோம்.

இப்போது கற்பவரின் உண்மையான சிக்கலுக்கு வருவோம். வசைச்சொல்லின் பொருளைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. அதன் எடையை அறிவதுதான் கடினம். ஒரு சொல் நண்பர்கள் நடுவே சிரிப்பா, அலுவலகத்தில் எச்சரிக்கைக் கடிதமா, தெருவில் அடிதடியா என்பதைத்தான் எடை என்கிறேன். தாய்மொழியில் இந்த எடை நமக்கு உடம்பிலேயே தெரியும். துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னாளில் ஆங்கிலம் கற்றவர்களை வைத்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், சிறு பிள்ளைகளை அதட்டும் சொற்களைத் தாய்மொழியில் கேட்டபோது தோலின் மின்கடத்தல் கூடுதலாக மாறியது. ஆங்கிலத்தில் கேட்டபோது அந்த அளவு மாறவில்லை. பிந்திக் கற்ற மொழி காதில் நுழைகிறது, தோலுக்குப் போய்ச் சேர்வதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை மொழியியலாளர் ஜான்-மார்க் டெவாலே 2016இல் வெளியிட்டார். லேசானதிலிருந்து மிகக் கடுமையானது வரை 30 ஆங்கிலச் சொற்களைக் கொடுத்து, தாய்மொழியாளர்களையும் பிந்திக் கற்றவர்களையும் எடை போடச் சொன்னார். பிந்திக் கற்றவர்கள் பெரும்பாலான சொற்களை உள்ளதைவிடக் கடுமையாக மதிப்பிட்டார்கள். பட்டியலிலேயே மிகக் கடுமையான சொல்லை மட்டும் குறைத்து மதிப்பிட்டார்கள். ஆபத்து எங்கே என்று இதில் தெரிகிறது. லேசான சொல்லுக்குப் பயந்து வாய் மூடி இருப்பதால் பெரிய நட்டமில்லை. மிகக் கடுமையானதைச் சாதாரணம் என்று நினைப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். எனவே எந்த வழியானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எனக்கு எடையைக் காட்டுகிறதா?

முதலில் அகராதி. எந்த அகராதி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இருமொழி அகராதி இந்த வேலைக்கு உதவாது. வசைக்கு நேராக நம் மொழியில் ஒரு வசையைப் போட்டுவிட்டு அது போய்விடும், இரண்டின் எடையும் ஒன்றாகிவிடாது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பேசும் பிரெஞ்சில் மிகக் கடுமையான வசைகளில் ஒன்று 'தபர்நாக்'. மூலத்தில் அது தேவாலயப் பீடத்தில் திருவப்பம் வைக்கும் பேழையின் பெயர். அகராதி 'திருப்பேழை' என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால் என்ன புரியும்?

வேண்டியது, மொழி கற்பவர்களுக்கென்றே எழுதிய ஒருமொழி அகராதி. ஆங்கிலத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றும் அப்படி வெளியிடுகின்றன. மூன்றையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அவற்றில் பொருளைவிடச் சொல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கும் குறிப்பைத்தான் படிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் 'டாபூ' என்றால் ஆபாசம் அல்லது அதிர்ச்சி என்று பலர் நினைக்கக்கூடிய சொல். 'அஃபென்சிவ்' என்றால் இனம், மதம், பால், உடற்குறை போன்றவற்றைத் தொட்டு மனிதர்களை இழிவுபடுத்தும் சொல். பார்வைக்கு இரண்டும் கெட்ட வார்த்தைதான். ஆனால் முன்னது கால் இடறினால் வாயில் வருவது. பின்னது ஒரு மனிதரைக் கீழே தள்ளுவதற்காகச் சொல்வது. முன்னதைத் தவறிச் சொன்னால் மன்னிப்புக் கேட்டுத் தப்பலாம். பின்னதைச் சொல்லிவிட்டால் அவ்வளவு எளிதில் மீள முடியாது. இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

கொஹேருக்கு வருவோம். ஸ்பானிய அரச கழகத்தின் அகராதியை இணையத்தில் திறந்தால் அந்தச் சொல்லுக்குக் கீழே பொருள்கள் வரிசையாக நிற்கும். எடு, பிடி என்று போய்க்கொண்டே இருந்து, கிட்டத்தட்ட பட்டியலின் கடைசியில்தான் கொச்சை என்ற குறிப்போடு உடலுறவுப் பொருள் வரும். அதன் பக்கத்தில் அர்ஜென்டினா, மெக்சிகோ உட்பட நாடுகளின் சுருக்கப் பெயர்கள் இருக்கும். அகராதியின் பலமும் பலவீனமும் இங்கேயே தெரிகின்றன. எந்த நாட்டில் என்று அது சரியாகச் சொல்கிறது. ஆனால் மெக்சிகோக்காரர் காதில் கடைசிப் பொருள்தான் முதலில் விழும் என்பதை வரிசை காட்டாது. முதல் பொருளோடு பக்கத்தை மூடிவிடும் பழக்கம் இருந்தால் அகராதி உங்களைக் காப்பாற்றாது.

கொச்சைச்சொல் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேற்று முளைத்த சொல் அங்கே இன்று இருக்கும். அது மட்டுமே அவற்றின் சிறப்பு. எழுதுபவர் யார், எந்த ஊர், எந்த வயது என்று தெரியாது. பாதி விளக்கங்கள் வேடிக்கைக்காக எழுதியவை. சாதாரணச் சொல்லுக்கும் ஓர் அசிங்கப் பொருள் போட்டிருப்பார்கள். அவற்றை மட்டும் நம்பினால் எந்தச் சொல்லையும் சொல்லப் பயமாக இருக்கும். அகராதியில் இல்லாத சொல்லுக்கு முதல் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து திரைப்படமும் தொடர்களும். பெரும்பாலானவர்கள் போகும் வழி இதுதான், ஆனால் இதற்கு நான் குறைந்த மதிப்பெண்தான் கொடுப்பேன். தொனி, முகம், எதிராளியின் பதில் எல்லாம் கண்முன் நடக்கும் என்பது உண்மை. வேறு எந்த வழியும் இதைத் தராது. ஆனால் குற்றப்படத்தில் இரண்டு மணி நேரம் விடாமல் விழும் வசைகளைக் கேட்டுவிட்டு, அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று நம்பிவிடுகிறோம். பாத்திரத்தின் கொடுமையைக் காட்டக் கதாசிரியர் அளவு கூட்டி ஊற்றியதைச் சாதாரண அளவு என்று எடுத்துக்கொண்டால், கடுமையான சொல்லைக் குறைத்து மதிப்பிடும் அதே தவறு நடக்கும்.

துணைவசனம் எதிர்ப்பக்கமாக இழுக்கும். வரியில் இடம் குறைவு, படிக்க நேரம் குறைவு, அதோடு எழுத்தில் வசை இன்னும் கடுமையாகத் தெரியும் என்ற தயக்கமும் சேர்ந்துகொள்ளும். அதனால் மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் மென்மையாக்கிவிடுவார். காது ஒன்றைக் கேட்கும், கண் வேறொன்றைப் படிக்கும். ஸ்பானியத்தில் இன்னொரு வலையும் உண்டு. லத்தீன் அமெரிக்கா முழுமைக்கும் பொதுவாகச் செய்யும் 'நடுநிலை' குரல்பதிவில் கொஹேரைத் தவிர்த்து தோமார் போன்ற சொற்களையே போடுவார்கள். அதை மட்டும் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தச் சொல்லில் சிக்கல் இருப்பதே தெரியாது. ஸ்பெயின் படங்களை மட்டும் பார்த்தவருக்கும் தெரியாது. இரண்டையும் பார்த்து, 'இங்கே வரும் சொல் அங்கே ஏன் வரவே இல்லை?' என்று யோசிப்பவருக்குத்தான் துப்புக் கிடைக்கும்.

பலர் யோசிக்காத வழி என்று சொன்னேனே, அது ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்புகளின் ஆய்வறிக்கை. பிரிட்டனில் ஆஃப்காம் என்ற அமைப்பு, தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வரும் புண்படுத்தும் சொற்களைப் பற்றி மக்களிடம் கேட்டு 2016இலும் 2021இலும் அறிக்கை வெளியிட்டது. அங்கே இரவு 9 மணிக்கு முன் கடுமையான சொற்கள் தொலைக்காட்சியில் வரக்கூடாது. எது கடுமை என்று முடிவு செய்ய மக்களின் கருத்து வேண்டியிருந்தது. அதனால் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து லேசானது, நடுத்தரம், கடுமை என்று படி பிரித்து வைத்திருக்கிறார்கள். 'ப்ளடி' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பழைய படங்களில் வில்லனைப் பார்த்துச் சொல்லும்போது பெரிய வசை மாதிரி ஒலிக்கும். அந்த அறிக்கையில் அது லேசான படியில் இருக்கிறது. நாம் தேடிக்கொண்டிருந்த எடை இதுதான், அதுவும் தாய்மொழியாளர்களே போட்டது. நியூசிலாந்திலும் ஒலிபரப்புத் தர அமைப்பு இப்படிக் கணக்கெடுக்கிறது. குறை என்னவென்றால், ஓர் அறிக்கை ஒரு நாட்டுக்குத்தான் செல்லும். ப்ளடிக்கு பிரிட்டனில் கிடைத்த படியை இன்னொரு நாட்டுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. எல்லா மொழிக்கும் இப்படி அறிக்கை கிடைப்பதுமில்லை.

கடைசியாக, தெரிந்த ஆளிடம் கேட்பது. சரியாகக் கேட்டால் இதை மிஞ்சிய வழி இல்லை, தவறாகக் கேட்டால் இதைவிட மோசமானதும் இல்லை. பொதுவாக நடக்கும் தவறு, 'உங்கள் மொழியில் நாலு கெட்ட வார்த்தை சொல்லிக் கொடுங்கள்' என்று விருந்தில் கேட்பது. இருப்பதிலேயே கனமானதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, 'இதற்கு வணக்கம் என்று பொருள், அதோ அவரிடம் போய்ச் சொல்' என்று அனுப்புவார்கள். உலகம் முழுக்க இந்த விளையாட்டு உண்டு, எனக்கும் நடந்திருக்கிறது. யாரோ சொல்லிக் கொடுத்த சொல்லை அகராதியில் பார்க்காமல் வாயில் வைப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

கேட்க வேண்டிய ஆள் உங்களைவிட வயதில் கொஞ்சம் மூத்தவராக, நீங்கள் பழகப் போகும் அதே ஊர்க்காரராக, உங்களிடம் வேடிக்கை செய்ய ஆசையில்லாதவராக இருப்பது நல்லது. நேரில் கேட்பதைவிட எழுதிக் கேட்பது இருவருக்கும் சங்கடமில்லாதது. சொல்லை நீங்கள் எங்கே கேட்டீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவரையே திட்டுவதாக அவருக்குத் தோன்றலாம். 'இதற்கு என்ன பொருள்?' என்று கேட்காதீர்கள், பொருள் அகராதியிலேயே இருக்கிறது. 'உங்களோடு வேலை செய்பவர் கூட்டத்தில் இதைச் சொன்னால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? உங்கள் அம்மா முன்னால் நீங்கள் சொல்வீர்களா? வெளிநாட்டவர் சொன்னால் எப்படி இருக்கும்?' என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் எனக்கு அதிகம் பயன்பட்டது. 'நாங்கள் சொல்லிக்கொள்வோம், நீங்கள் சொன்னால் நன்றாக இருக்காது' என்ற பதில் அடிக்கடி வரும். எந்த அகராதியிலும் அதற்கு ஒரு குறிப்பு கிடையாது.

ஆனால் ஒரே ஆளை நம்பினால் கொஹேரில் மாட்டிக்கொள்வோம். மாத்ரீத் நண்பர் 'இதில் என்ன இருக்கிறது, தினமும் சொல்கிறோமே' என்பார். புவேனஸ் அயிரஸ் நண்பர் விழுந்து விழுந்து சிரிப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை, தங்கள் தங்கள் ஊரைச் சொல்கிறார்கள்.

இதில் எதைத் தேர்வது என்றால், நான் அகராதியின் குறிப்பை முதல் சாட்சியாகவும், அந்த ஊர் ஆளை இரண்டாவது சாட்சியாகவும் வைப்பேன். இருவரும் ஒத்துப்போனால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். மாறுபட்டால் அறிக்கை இருக்கும் மொழியில் அதைப் பார்க்கலாம். அது இல்லாத மொழியில் இரண்டில் கனமான எடையைத்தான் எழுதி வைக்க வேண்டும். திரைப்படம் கேட்டுப் பழகுவதற்கு மட்டும், எடை போடுவதற்கு அல்ல. துணைவசனம் எழுதவோ கதை மொழிபெயர்க்கவோ கற்பவருக்கு இந்த வரிசை மாறும். அவர் ஒரு சொல்லின் தொனியைப் பத்து இடத்தில் கேட்க வேண்டும் என்பதால் படங்கள் மேலே வந்துவிடும்.

பயிற்சி முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். சொல்லட்டைச் செயலியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் இரண்டு பக்கமும் கேட்கும்: வேற்றுச்சொல்லைக் காட்டிப் பொருளைக் கேட்கும், பொருளைக் காட்டி வேற்றுச்சொல்லைக் கேட்கும். வசைகளுக்கு இரண்டாவதை அணைத்துவிட வேண்டும். கோபம் என்றதும் அந்தச் சொல் நாக்கில் ஓடி வரும்படி மூளைக்கு நாமே பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. அலுவலகக் கணினியிலும் தேடாதீர்கள். கைப்பேசியில் ஒரு சொல்லை நாலு முறை தட்டினால் விசைப்பலகை அதைக் கற்றுக்கொண்டு, மேலாளருக்கு எழுதும் செய்தியில் தானாக எடுத்துக் கொடுக்கும். இந்த வேலைக்குத் தாள் நோட்டே நல்லது.

என் நோட்டில் கொஹேருக்கு இருக்கும் பதிவு இது: 'எடு, பிடி. ஸ்பெயின்: எடை சுழியம், தாராளமாகச் சொல்லலாம். மெக்சிகோ, அர்ஜென்டினா: உடலுறவு, கொச்சை, அலுவலகத்தில் கூடாது. யாரையும் குறிவைக்கும் வசை அல்ல. தவறிச் சொன்னால் சிரிப்பார்கள், சண்டை வராது. எங்கும் பத்திரமான மாற்று: தோமார். சாட்சி: அகராதிக் குறிப்பு, இரு ஊர்க்காரர்கள்.' எழுதி முடித்தபின் ஸ்பெயின்காரர்களிடமும் தோமார் என்றே சொல்லிப் பார்த்தேன். புரிந்துகொண்டார்கள். ஒருவர் மட்டும், 'நீங்கள் ஸ்பானியம் மெக்சிகோவில் கற்றீர்களா?' என்று கேட்டார்.